ஆலோசகருக்கான அறிமுகக் குறிப்பு: யாருடைய கதையையும் சொல்லாமல் உங்கள் பணியைச் சொல்வது எப்படி?

எனக்கும் உடன் பணியாற்றுவோர் சிலருக்கும் அறிமுகக் குறிப்பு எழுதியபோது கைகொடுத்த முறையை இங்கே தருகிறேன். நீங்கள் மனநல ஆலோசகராகவோ சமூகப் பணியாளராகவோ பணியைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அலங்காரமான மாதிரிப் படிவங்களை எடுக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ‘வெற்றிக் கதை’ என்றொரு கட்டத்தை வைத்து உங்களைத் தவறான வழியில் இழுத்துவிடும். வெறும் எழுத்துக் கோப்பே போதும்.

படி 1: பயிற்சி

பட்டம், அதை வழங்கிய நிறுவனம், உரிமம் இருந்தால் அதன் எண்ணும் வழங்கிய அமைப்பும், மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றிய காலம் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதை ‘அறிமுகப் பயிற்சி பெற்றேன்’ என்றே எழுத வேண்டும். ‘சான்றிதழ் பெற்ற நிபுணர்’ என்று எழுதக் கூடாது. இன்னும் மேற்பார்வையில் இருப்பவர் அதை மறைக்கத் தேவையில்லை. உங்கள் பணியை மூத்தவர் ஒருவர் கவனித்து வருகிறார் என்பது வருபவருக்கு நம்பிக்கை தரும் செய்திதான்.

படி 2: அணுகுமுறை

நான் அதிக நேரம் தடுமாறி நின்ற இடம் இதுவே. அணுகுமுறையை விளக்க முற்பட்டவுடன் கை தானாகவே ஓர் எடுத்துக்காட்டைத் தேடும். பின்வரும் வரியைப் பாருங்கள்:

“கணவரை விபத்தில் இழந்து, இரண்டு பெண் குழந்தைகளுடன் தனித்து நின்ற ஆசிரியை ஒருவர், எட்டு அமர்வுகளில் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.”

இதில் பெயர் இல்லை. ஆனால் விபத்து, இரண்டு மகள்கள், ஆசிரியர் பணி, விடுப்பு ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால், அவருடன் பணிபுரிபவர் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார். ஆசிரியையைச் செவிலியர் என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. அந்தப் பெண் தன் கதையைத் தானே அறிந்துகொள்வார். புதிதாக வர எண்ணுபவரோ, நாளை நம் கதையும் இங்கே வரும் என்று அஞ்சி விலகுவார். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டுப் போடலாமே என்று தோன்றும். உங்கள் உதவியை நம்பியிருப்பவரால் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று எளிதில் சொல்ல இயலாது. இதன் காரணமாகவே அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைத் தொகுப்பு, இப்போதைய, முன்னாள் பயனாளிகளிடம் பரிந்துரை வாசகங்களைக் கேட்டுப் பெறக் கூடாது என்கிறது.

ஆகவே வாக்கியத்தின் எழுவாயை மாற்றுங்கள். வந்தவர் என்ன ஆனார் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்:

“நெருங்கியவரை இழந்தபின் அன்றாட வேலைகளுக்குத் திரும்பச் சிரமப்படுவோருடன் பணியாற்றுகிறேன். முதல் சந்திப்பில் தூக்கம், உணவு, உடனிருப்போர் பற்றிக் கேட்டறிவேன். அடுத்த சந்திப்புக்குள் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு செயலை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம். அது கடினமாக இருந்தால், ஏன் என்று பேசுவதிலிருந்து மீண்டும் தொடங்குவோம்.”

முந்தைய வரியைவிட இது அணுகுமுறையைத் தெளிவாகக் காட்டுகிறது. வருபவருக்கு அந்த அறையில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. எழுதி முடித்தபின், இதுவரை உங்களிடம் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு குறிப்பைப் படியுங்கள். அவர்களில் எவரேனும் ‘இது என்னைப் பற்றியது’ என்று எண்ண இடமிருந்தால், அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

படி 3: இரகசியம் பற்றிய வரி

‘முழு இரகசியம் உறுதி’ என்று எழுதாதீர்கள். அது உங்களால் காப்பாற்ற இயலாத வாக்குறுதி. உயிருக்கு ஆபத்து, குழந்தைமீதான வன்முறை, நீதிமன்ற ஆணை போன்ற சூழல்களில் நீங்கள் தகவலைப் பகிர வேண்டி வரலாம். “நீங்கள் பேசுவது நமக்குள் இருக்கும், விதிவிலக்கான சில சூழல்களை முதல் சந்திப்பிலேயே விளக்குவேன்” என்பது நேர்மையான வரி.

குறிப்புடன் சேர்க்கும் உங்கள் ஒளிப்படத்தை ஆலோசனை அறையில் எடுத்தால் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசைமேல் கிடக்கும் கோப்பின் முகப்பும் நாட்காட்டியில் குறித்த பெயர்களும் படத்தில் தெளிவாகவே விழும். வெற்றுச் சுவரின் முன் எடுப்பதே என் தேர்வு.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சமூகப் பணியாளர் ஒருவர், முன்பு பணியாற்றிய இடத்தின் பெயரைப் போடலாமா என்று கேட்டிருந்தார். பெரிய மருத்துவமனை என்றால் தயங்க வேண்டாம். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான காப்பகம் என்றால், அது இருக்கும் இடம் வெளியே தெரிவதே அங்கு தங்கியிருப்போருக்கு ஆபத்து. பெயரையும் பகுதியையும் தவிர்த்து, “பாதுகாப்பு இல்லம் ஒன்றில் மூன்றாண்டுகள்” என்று மட்டும் எழுதுங்கள். பத்துப் பேர் மட்டுமே பயன்பெற்ற சிறு திட்டமாக இருந்தால், திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுவதே அந்தப் பத்துப் பேரையும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கும் பணியின் வகையை மட்டும் குறிப்பிடுங்கள். நேர்காணலில் கேட்டால் விவரத்தை நிறுவனத்தின் அனுமதியுடன் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.