சீசன் டல்லடிக்கும்போது பிசினஸ் லோன் டியூவை பேங்க்ல தள்ளி வாங்குறது எப்படி

ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற யூனிட்டை எடுத்துக்குவோம். பிப்ரவரில இருந்து ஜூன் வரைக்கும் மெஷின் நிக்காது, அக்டோபர் வந்தா டெய்லருக்கு கூலி குடுக்கவே யோசிக்கணும், ஆனா டியூ மட்டும் மாசாமாசம் அதே தொகை. மெஷின் வாங்குன டேர்ம் லோன்ல பாக்கி 6 லட்சம், வட்டி வருஷத்துக்கு 12%, இன்னும் 24 மாசம் இருக்கு, டியூ சுமார் 28,240 ரூபான்னு வச்சுக்குங்க. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசம் மூச்சு விட டைம் வேணும்.

1. டியூ தவறுறதுக்கு முன்னாடியே போங்க

ஆகஸ்ட்லயே மேனேஜரை பாத்துடுங்க. ஏன்னா டியூ தேதி தாண்டுன உடனே கணக்கு எஸ்எம்ஏ-0ன்னு பேங்க்கோட கண்காணிப்புப் பட்டியல்ல குறிக்கப்படும், 30 நாள் தாண்டுனா எஸ்எம்ஏ-1, 60 தாண்டுனா எஸ்எம்ஏ-2, 90 நாள் தாண்டுனா என்பிஏ, அதாவது வாராக்கடன். பாக்கி இல்லாத கணக்கா இருக்கும்போது கேட்டா பேச்சு வேற மாதிரி போகும், ரெண்டு டியூ பவுன்ஸ் ஆனப்புறம் அதே மேனேஜர்கிட்ட கேட்டா அவருக்கு மேலிடத்துக்கு எழுதவே தயக்கமா இருக்கும்.

2. என்ன கேக்கணும்னு முடிவு பண்ணுங்க

இங்கதான் நிறைய பேர் யோசிக்காம "மூணு மாசம் டியூ வேணாம் சார்"னு கேட்டுடுறாங்க. டியூ நின்னாலும் வட்டி நிக்காது. நம்ம கணக்குல மாச வட்டி 6,000. மூணு மாசம் எதுவுமே கட்டலைன்னா வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேந்து 6 லட்சம் சுமார் 6,18,180 ஆயிடும், அதை மறுபடி 24 மாசத்துல கட்டுனா டியூ 29,100, மொத்தத்துல கூடுதல் செலவு 20,500 பக்கம்.

அதுக்கு பதிலா மூணு மாசம் வட்டி மட்டும் கட்டுறேன், அசல் மட்டும் நிறுத்துங்கன்னு கேட்டா, மாசம் 6,000 கட்டுறீங்க, ஜனவரில இருந்து பழைய டியூவே 24 மாசம் ஓடும், கூடுதல் செலவு 18,000தான். மிச்சம் பெருசா இல்லைதான், ஆனா பேங்க்குக்கு மாசாமாசம் பணம் வருது, அதனால சம்மதிக்க வாய்ப்பு அதிகம். என்னோட ஓட்டு இதுக்குத்தான்.

ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் வச்சிருக்கவங்களுக்கு இந்த கணக்கு பொருந்தாது, அதுல டியூவே கிடையாது, லிமிட்டை கொஞ்ச காலத்துக்கு ஏத்தித் தரச் சொல்லி கேக்கணும்.

3. பேப்பர்

ரெண்டு வருஷ ஜிஎஸ்டிஆர்-3பி எடுத்து, மாசவாரியா விற்பனையை ஒரே பக்கத்துல எழுதுங்க. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர்ல இறங்கி பிப்ரவரில ஏறுறது தெரியணும், அதுதான் உங்க சாட்சி. கூடவே பேங்க் ஸ்டேட்மெண்ட், அடுத்த சீசனுக்கு ஸ்கூல்கிட்ட வாங்குன ஆர்டர், வரவு செலவு எப்படி இருக்கும்னு 12 மாச கணக்கு.

லெட்டர் சின்னதா போதும்:

"எங்கள் யூனிட்டின் விற்பனை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறையும். இந்த மூன்று மாதம் வட்டி மட்டும் செலுத்தவும், லோன் காலத்தை மூன்று மாதம் நீட்டிக்கவும் அனுமதி கோருகிறேன். ஜனவரி முதல் முழுத் தவணை செலுத்துவேன். விற்பனை விவரம் இணைப்பில்."

காப்பில சீல் போட்டு வாங்கிக்குங்க, பிராஞ்ச் மெயிலுக்கும் அனுப்பிடுங்க.

4. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி

"இது ரீஸ்ட்ரக்சர்னு ரிப்போர்ட் ஆகுமா சார்?" இதை கட்டாயம் கேளுங்க. பணக் கஷ்டத்துல இருக்கவருக்கு பேங்க் லோன் நிபந்தனையை மாத்தி சலுகை குடுத்தா ஆர்பிஐ விதிப்படி அது ரீஸ்ட்ரக்சரிங், பொதுவா கணக்கோட தரம் இறங்கும், கிரெடிட் ரிப்போர்ட்லயும் தெரியும், அடுத்த லோன் கேக்கும்போது இடிக்கும். கொரோனா காலத்துல தரம் இறங்காம குடுத்தது தனி ஏற்பாடு, அது முடிஞ்சு போச்சு. ரிப்போர்ட் ஆகும்னு சொன்னா, அந்த மூணு டியூவுக்கு தெரிஞ்சவங்ககிட்ட கைமாத்து வாங்குறது மேலான்னு கணக்கு போட்டு பாருங்க. இதுக்காக கஷ்டத்தை மறைச்சு லெட்டர் எழுதாதீங்க, ஸ்டேட்மெண்ட் பாத்தா தெரிஞ்சுடும்.

சீசன் பிரச்சனை இல்ல, தொழிலே நஷ்டத்துல ஓடுதுன்னா வழி வேற. நலிவடைஞ்ச சிறு தொழிலுக்கு 2015ல மத்திய அரசு அறிவிச்ச சீரமைப்பு ஏற்பாடு 25 கோடி வரைக்கும் லோன் இருக்கவங்களுக்கு உண்டு, அதுல நீங்களே விண்ணப்பிக்கலாம், பிராஞ்ச்ல "Framework for Revival and Rehabilitation of MSMEs"னு பேரு சொல்லி கேளுங்க.

5. சரின்னு சொன்னப்புறம்

வாய்ல சொன்னதை நம்பி அக்கவுண்ட்டை காலியா விடாதீங்க. மேனேஜர் ஓகே சொன்னாலும் சிஸ்டத்துல மாத்தலைன்னா அந்த தேதிக்கு ஆட்டோ டெபிட் வந்து முழு டியூவுக்கு அடிக்கும், பவுன்ஸ் சார்ஜும் விழும். சாங்ஷன் லெட்டரும் புது ரீபேமெண்ட் ஷெட்யூலும் கைல வந்து, ஷெட்யூல்ல அக்டோபருக்கு நேரா 6,000தான் இருக்குன்னு கண்ணால பாக்குற வரைக்கும் பழைய தொகையையே அக்கவுண்ட்ல வச்சிருங்க. ஜாமீன் போட்டவர் கையெழுத்தும் கேப்பாங்க, அவருக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

முடியாதுன்னு சொன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க. பதிலே வரலைன்னா முதல்ல பேங்க்குக்கே எழுத்துல புகார் குடுங்க, அதுக்கும் 30 நாள்ல பதில் வரலைன்னா cms.rbi.org.in-ல ஆர்பிஐயோட குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனுக்கு புகார் போடலாம், ஆனா குடுக்கலாமா வேணாமாங்கிறது பேங்க்கோட வியாபார முடிவு, அதை அவர் மாத்த மாட்டார்.