"பணம் போகல" என்று வந்தால் என்ன கேட்பது?

பணம் அனுப்பும் செயலி ஒன்றின் உதவி அரட்டையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "பணம் போகல" என்று ஒரு செய்தி வருகிறது. "கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டால், "அதான் சொன்னேனே, போகல" என்றுதான் பதில் வரும். அவர் முரண்டு பிடிக்கவில்லை. அவசரத்தில் ஒற்றை விரலால் தட்டுகிறார். நமக்கு எந்த விவரம் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஆகவே விடைகளை நாமே எழுதிக் கொடுத்து, எண்ணை மட்டும் தட்டச் சொல்லலாம்.

படி 1. இதே சொல்லோடு வந்த பழைய உரையாடல்களில் ஒரு 50 எடுத்துப் படியுங்கள். ஒவ்வொன்றும் கடைசியில் என்ன பிரச்சினையாக முடிந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலானவை மூன்று நான்கு குவியலாகப் பிரிந்துவிடும்.

படி 2. எந்த இரண்டு குவியலுக்கு நாம் சொல்லும் தீர்வு ஒன்றேயோ, அவற்றைச் சேர்த்துவிடுங்கள். கோளாறு இணையத்திலா, வங்கி சர்வரிலா என்பது நமக்குச் சுவாரசியமாக இருக்கலாம். இரண்டுக்கும் "சற்று நேரம் கழித்து முயலுங்கள்" என்றுதான் சொல்லப் போகிறோம் என்றால் அதைக் கேட்பது வீண்.

படி 3. மிஞ்சிய குவியல்களை விடை வரிகளாக எழுதுங்கள். இங்கேதான் நான் சறுக்கினேன். "பரிவர்த்தனை நிராகரிப்பு", "நிலுவை" என்று அலுவலக மொழியில் எழுதி வைத்திருந்தேன். வந்தவர்கள் அதைத் தாண்டிப்போய் மறுபடி "போகல" என்றே எழுதினார்கள். காரணத்தை எழுதாதீர்கள், அவர் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்:

```
எது நடந்தது? எண்ணை மட்டும் அனுப்புங்கள்.
1. என் கணக்கில் பணம் குறைந்தது, அவருக்குச் சேரவில்லை
2. பணம் குறையவில்லை, 'தோல்வி' என்று வந்தது
3. திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது
4. வேறு (ஒரு வரியில் சொல்லுங்கள்)
```

அதிகம் வருவது மேலே. வேறு என்பது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பொருந்தாதவரும் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவார்.

இரண்டும் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் சேர்க்கக் கூடாது. இரண்டாமவரை மறுபடி அனுப்பச் சொல்லலாம். மூன்றாமவரிடம் அப்படிச் சொன்னால், முதல் தடவை அனுப்பியதும் பின்னால் போய்ச் சேர்ந்து, பணம் இருமுறை போய்விடக்கூடும். அவரை முதலில் கணக்கின் இருப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படி 4. ஒரு வாரம் விட்டு, வந்த எண்களைப் பாருங்கள். 4 நிறைய வந்தால் ஏதோ ஒரு குவியல் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஒற்றை வரிகளிலேயே அது என்னவென்று தெரியும். 1 தட்டியவர்களில் பலருக்குப் பணம் குறையவே இல்லை என்றால், படிக்காமல் முதல் வரியைத் தட்டுகிறார்கள். அப்போது வரிகளைச் சுருக்குங்கள். "ஒண்ணு" என்று எழுத்தில் வரும் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவருடைய கணக்கு விவரம் உங்கள் திரையிலேயே தெரிகிறது, அதில் 'தோல்வி' என்றும் பணம் குறையவில்லை என்றும் இருக்கிறது என்றால் பட்டியலே அனுப்ப வேண்டாம். "நீங்கள் சற்றுமுன் அனுப்பியது தோல்வி அடைந்துள்ளது, பணம் குறையவில்லை. மறுபடி அனுப்பலாம். வேறு பணம் பற்றிக் கேட்டீர்கள் என்றால் சொல்லுங்கள்" என்று நேரே எழுதிவிடுங்கள்.