தெரியாத தலைப்பில் பேசச் சொன்னால் எங்கே தவறுகிறோம்

ஓசோன் படலம் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், ஆனால் அந்தப் பெயரைத் தவிர உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் உடனே 'ஓசோன் என்றால் என்ன, வரலாறு, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்' என்று ஐந்து ஸ்லைடு போட்டுவிடுகிறார்கள். அங்கேயே வழி தவறிவிடுகிறது. நிதானமாகப் பேசினால் பத்து நிமிடத்துக்கு ஆயிரம் சொல் தாண்டாது, அதை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இருநூறு, அதற்குள் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும்.

எதையும் படிக்காமல் பேச்சின் எல்லையை முடிவு செய்யாதீர்கள். முதலில் ஒரே ஒரு நல்ல அறிமுகக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள், எங்கே ஆச்சரியம் வருகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோனதைச் சொன்ன ஆய்வுக் கட்டுரை வந்தது 1985-ல், ஓசோனை அழிக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியால் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987-ல். இரண்டே வருடத்தில் உலக நாடுகள் எப்படி ஒத்துக்கொண்டன? சரி, இதுதான் உங்கள் எல்லை. தோல் புற்றுநோய், ஓசோனின் வேதியியல் எல்லாம் இனி ஆளுக்கு ஒரு வரிதான்.

கேள்வி கிடைத்துவிட்டால் ஆதாரம் தேடுவது சுலபம். குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரேக்களிலும் இருந்த குளோரோஃப்ளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-லேயே எழுதிவிட்டார்கள், அதனால் இந்த விவாதம் 1985-ல் தொடங்கவில்லை என்பது தெரியவரும். அப்புறம் ஒப்பந்தத்தின் மூல வாசகம், அதற்கப்புறம் ஐ.நா. அமைப்புகளின் அறிவியல் மதிப்பீட்டு அறிக்கை. அந்த அறிக்கையோடு பொதுமக்களுக்காகக் கேள்வி-பதில் வடிவில் ஒரு பகுதியும் வருகிறது, புதிதாக நுழைபவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பத்து இணையப் பக்கங்களைப் பத்து ஆதாரமாக எண்ணுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஓசோன் எப்போது சரியாகும் என்று தேடினால் ஒரு பக்கம் 2040 என்று சொல்லும், இன்னொன்று 2045, மற்றொன்று 2066. முரண்பாடு என்று நினைத்து நடுவில் ஒன்றைப் பொறுக்கிவிடுவார்கள். உண்மையில் மூன்றும் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை ஒன்றிலிருந்தே வந்தவை: அண்டார்டிகாவுக்கு 2066 வாக்கில், ஆர்க்டிக்குக்கு 2045 வாக்கில், மற்ற இடங்களுக்கு 2040 வாக்கில். அதுவும் 1980-ல் இருந்த அளவுக்குத் திரும்புவது பற்றிய கணிப்பு, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் மட்டும். நகலெடுத்த பக்கங்களில் முதலில் உதிர்வது இந்த 'எங்கே', 'எப்போதைய அளவு', 'எந்த நிபந்தனை' ஆகியவைதான். ஆகவே ஸ்லைடில் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் அது முதலில் அச்சான இடம் வரை போய்ப் பாருங்கள், அங்கே போய்ச் சேர முடியாவிட்டால் எண்ணை விட்டுவிடுங்கள்.

புதிதாகத் திறக்கும் பக்கங்கள் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் அந்த மூன்று நான்கு மூலங்களையே காட்ட ஆரம்பித்தால் தேடலை நிறுத்தி எழுத உட்காரலாம்.