"சின்னதைப் போடட்டோ, சேர்?" – ஒருவால் சோதனையில் விடக்கூடாத பிழைகள்

போன கிழமை ஒரு மாணவி மடிக்கணினியோடு வந்தார். இறுதியாண்டு ஆய்வு, SPSS என்ற புள்ளிவிபர மென்பொருளின் வெளியீடு. இரண்டு பெறுமதிகளை மஞ்சளில் குறித்திருந்தார்: One-Sided p என்ற இடத்தில் 0.041, Two-Sided p என்ற இடத்தில் 0.082. p 0.05க்குக் கீழே வந்தால்தான் "சிக்னிபிகன்ட்" என்று எழுதலாம். இருவால் சோதனை வித்தியாசத்தை இரண்டு திசையிலும் தேடும், ஒருவால் முன்கூட்டியே தெரிவுசெய்த ஒரு திசையில் மட்டும்.

"சேர், ரெண்டு காட்டுது. சின்னதைப் போடட்டோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவரில் இல்லை. அதே கேள்வியை ஒருவரிடமும் கேட்காமலே சின்னதைப் போட்டவன் நான். எங்கள் காலத்து SPSS இருவால் பெறுமதியை மட்டுந்தான் காட்டும், பாதியாக்குகிற வேலையை நாங்களே கல்குலேற்றரில் செய்தோம். 28ஆம் பதிப்பிலிருந்து அது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தருகிறது. கடையில் இரண்டு விலை எழுதி வைத்தால் யார்தான் கூடின விலைக்கு வாங்குவார்?

தரவைப் பிழையாகத் தட்டுவது, சோடிச் சோதனைக்குப் பதில் வேறு சோதனையை அழுத்துவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒருநாள் தாமாகவே பிடிபடும். பிடிபடாமல் ஆய்வேட்டுக்குள் போய் இருந்துவிடுகிற பிழை இதுதான்.

## முடிவைப் பார்த்துவிட்டு வாலைத் தெரிவது

என் ஆய்வு சின்ன வெங்காயத்தில். கடற்கரையில் ஒதுங்குகிற சாதாளையை மக்கவைத்து எருவாகப் போட்டால் விளைச்சல் கூடுமா என்பது கேள்வி. பத்துத் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் அருகருகே இரண்டு பாத்தி, ஒன்றில் வழமையான மாட்டெரு, மற்றதில் சாதாளை எரு. கிண்டி, காயவைத்து, நிறுத்தேன். ஒரு பாத்திக்கு எத்தனை கிலோ வித்தியாசம் (சாதாளைப் பாத்தியிலிருந்து மாட்டெருப் பாத்தியைக் கழித்தது) என்று அந்தப் பழைய கொப்பியில் இன்றும் இருக்கிறது. R மென்பொருளில் போட்டால்:

```
d <- c(1.9, 0.8, -0.6, 1.4, 0.2, 2.0, -0.7, 0.9, 0.4, -0.3)
t.test(d)$p.value                           # 0.084
t.test(d, alternative = "greater")$p.value  # 0.042
t.test(d, alternative = "less")$p.value     # 0.958
```

இடை 0.6 கிலோ. நியம விலகல் 0.975. பத்துச் சோடி என்பதால் நியம வழு 0.308, t பெறுமதி 1.95. இருவால் சோதனைக்கு 5% மட்டத்தில் தாண்டவேண்டிய எல்லை 2.262, ஒருவாலுக்கு 1.833. என்னுடைய 1.95 இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

முதலில் இருவால்தான் பார்த்தேன். 0.084 என்று வந்ததும் மனம் விழுந்துபோனது. அப்புறம் ஒரு நண்பன் சொன்னான்: "உனக்குக் கூடுமா எண்டதுதானே கேள்வி? அப்ப ஒருவால்தானே?" கேட்கிறபோது எவ்வளவு நியாயமாக இருந்தது! 0.042 என்று எழுதினேன். கருதுகோளையும் "சாதாளை எரு விளைச்சலைக் கூட்டும்" என்று திருத்தி எழுதினேன், அதை நான் முதல்நாளே நினைத்தது போல.

இதில் என்ன பிழை என்பதை எண்ணில் பார்க்கலாம். எரு ஒன்றுமே செய்யாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் தற்செயலாக t பெறுமதி 1.833ஐத் தாண்டுவதற்கு 5% வாய்ப்பு உண்டு. அதேபோல −1.833க்குக் கீழே போவதற்கும் 5%. எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபிறகு அந்தப் பக்கத்து வாலைத் தெரிகிற ஆள், மேலே போனாலும் "கூட்டியது" என்பார், கீழே போனாலும் "குறைத்தது" என்பார். இரண்டையும் கூட்டினால் 10%. ஆய்வேட்டில் 5% என்று எழுதியிருக்கும், உண்மையில் செய்ததோ அதைப்போல இரண்டு மடங்கு தளர்வான சோதனை. கணக்கில் ஒரு எண்ணும் பிழையாக இராது. அதனால்தான் வெளியீட்டை மட்டும் பார்க்கிற ஒருவராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வைவாவில் வெளிப் பரீட்சகர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "உமக்கு −1.95 வந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்?" நான் வாய் திறக்கவில்லை. "விளைச்சலைக் குறைக்கிறது" என்றுதான் எழுதியிருப்பேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவாலை முன்கூட்டியே உண்மையாகத் தெரிவுசெய்தவன் அப்படி எழுத முடியாது. அவனுடைய p அப்போது 0.958 ஆக இருந்திருக்கும், "கூடியதற்குச் சான்று இல்லை" என்பதோடு பேனாவை மூடவேண்டும். அவ்வளவு பெரிய இறக்கம் வந்தாலும்.

அதுவும் என் விடயத்தில் மூடக்கூடாத பேனா. சாதாளையில் கடலுப்பு இருக்கிறது. மாரி மழையில் நன்றாகக் கழுவுப்படாவிட்டால் அந்த உப்பு மண்ணில் தங்கும். வெங்காயமோ உப்பைத் தாங்காத பயிர். ஆக, எரு விளைச்சலைக் குறைக்கக்கூடிய காரணம் கண்முன்னே இருந்தது. குறைவதும் தெரியவேண்டியதாக இருக்கும்போது அந்தப் பக்கத்தைச் சோதனையிலிருந்து வெட்டி எறிவதற்கு எனக்கு என்ன உரிமை?

வைவாவோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆய்வுக்குத் தோட்டம் தந்த ஒரு அண்ணையிடம் "நிரூபிச்சாச்சு" என்று வாயை விட்டிருந்தேன். அவர் இரண்டு லோட் சாதாளை ஏற்றிவந்து அடுத்த போகத்துக்குப் போட்டார். அந்த முறை மழையும் காணாது. போய்ப் பார்த்தபோது தாள் நுனியெல்லாம் காய்ந்து கிடந்தது. "தம்பி, நீர் சொன்னமாதிரித்தான் போட்டனான்" என்றார். ஏசவில்லை, தேத்தண்ணி தந்து அனுப்பினார். உப்புத்தான் காரணம் என்று மண்ணை எடுத்துச் சோதித்து உறுதி செய்யவில்லை, ஆனால் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

## அப்படியானால் ஒருவாலே கூடாதா?

கூடும், இடம் பார்க்கவேண்டும். எங்கள் குடாநாட்டுக் கிணறுகளையே எடுங்கள். சுண்ணாம்புக்கல் நிலம், தோட்டத்து உரம் இலகுவாக நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். "இந்தக் கிணற்றின் சராசரி 50ஐத் தாண்டுகிறதா?" என்பது கேள்வியென்றால் ஒருவால் பொருந்தும். 20 என்று வந்தாலும் 45 என்று வந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான்: எச்சரிக்கை ஒட்டாமல் விடுவது. மற்றப் பக்கத்தில் எவ்வளவு தூரம் போனாலும் முடிவு மாறாது என்றால் மட்டும் அந்தப் பக்கத்தை விடலாம்.

இங்கேயும் ஒரு குழி உண்டு. ஐந்தாறு மாதிரி எடுத்து, "50ஐத் தாண்டியதற்குச் சான்று இல்லை" என்று வந்ததும் "தண்ணீர் பாதுகாப்பானது" என்று எழுதிவிடுகிறார்கள். மாதிரி குறைவென்றால் எந்தக் கிணறும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். பாதுகாப்பானது என்று சொல்லவேண்டுமானால் திசையைத் திருப்புங்கள்: கிணறு 50 அல்லது அதற்கு மேல் என்பதைச் சூனியக் கருதுகோளாக வைத்து, 50க்குக் கீழ் என்று காட்டவேண்டும். அதையும் மாதிரிப் போத்தலைத் தூக்கமுன் முடிவெடுக்கவேண்டும்.

## எதிர்த்திசையில் வந்ததைப் பாதியாக்குவது

ஒருவால் p என்பது எப்போதும் இருவாலின் பாதி அல்ல. எதிர்ப்பக்கம் போயிருந்தால் 1 − p/2. மேலே கடைசி வரியில் 0.958 வந்தது அதனால்தான்.

SPSS இதைப் பற்றி வாயே திறக்காது. அது காட்டுகிற One-Sided p, தரவு போன பக்கத்துக்கு உரியது. நீங்கள் நினைத்த பக்கத்துக்கு அல்ல. இடைகளின் வித்தியாசத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## "p 0.042, எனவே 96% உண்மை"

இதை ஆய்வேடுகளில் அப்படியே எழுதியும் பார்த்திருக்கிறேன். p என்பது எரு ஒன்றும் செய்யாது என்று *வைத்துக்கொண்டு* கணித்தது: அப்படியான உலகத்தில் இந்தளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் எத்தனை தடவைக்கு ஒருதடவை தற்செயலாக வரும் என்பது. ஒன்றும் செய்யாது என்று வைத்துக்கொண்டு தொடங்கிய கணக்கு, அது ஒன்றும் செய்யாமலிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லாது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் ஆளாளுக்குச் சொல்கிற 100 எருக்களைச் சோதிக்கிறோம். அதில் 10 மட்டுமே உண்மையில் வேலை செய்பவை. எங்கள் பரிசோதனை சிறியது, வேலை செய்கிற பத்தில் ஆறைத்தான் பிடிக்கும். மீதி 90இல் 5% தற்செயலாக "சிக்னிபிகன்ட்" என்று வரும், அதாவது நாலு அல்லது ஐந்து. கைக்கு வந்த பத்துப் பதினொரு "வெற்றி"யில் நாலைந்து பொய். 5% என்று நினைத்த இடத்தில் நாற்பது வீதத்துக்கு மேல். அதோடு வாலையும் பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்தால் உண்மையானவை ஒன்றிரண்டு கூடுதலாகப் பிடிபடலாம், பொய்யோ ஒன்பதாகும்.

அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016இல் p பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது: கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை p அளப்பதில்லை.

## "0.05ஐத் தாண்டிவிட்டது, எனவே வித்தியாசம் இல்லை"

என் வெங்காயத்துக்கு 95% நம்பிக்கை ஆயிடை −0.10 கிலோவிலிருந்து 1.30 கிலோ வரை. இதில் "இல்லை" எங்கே இருக்கிறது?

## p = 0.000

p < 0.001 என்று எழுதுங்கள்.

## சிறிய p, பெரிய பலன்

ஆயிரம் பாத்தி போட்டால் 50 கிராம் வித்தியாசத்துக்கும் சிறிய p வரலாம். சந்தையில் அதற்கு ஒருவரும் காசு தரமாட்டார்.

## அந்த மாணவிக்கு

ஆய்வு முன்மொழிவைக் கொண்டுவரச் சொன்னேன். தரவு எடுக்கமுன் மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட தாள் அது. அதில் "வித்தியாசம் உண்டா" என்றுதான் இருந்தது, திசை இல்லை. அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை. One-Sided வரியை அழித்துவிட்டு அவர் எழுதிய வசனம் இது: "இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு இருவால் சோதனையில் p = 0.082, இந்த மாதிரியின் அளவில் கூடுதலா குறைவா என்று தீர்மானிக்க முடியவில்லை." கீழே நம்பிக்கை ஆயிடையையும் சேர்த்தார்.

"மாக்ஸ் வெட்டுவினமோ, சேர்?" என்று கேட்டார். நான் அந்தப் பழைய கொப்பியை எடுத்துக் காட்டினேன்.