பேப்பர் போட்ட பிறகு: ரிலீவிங் லெட்டரில் கவனிக்காமல் விடும் தவறுகள்

கடைசி நாளன்று லேப்டாப்பையும் ஐடி கார்டையும் ஒப்படைத்துவிட்டு, எச்.ஆரிடமிருந்து வரும் பிடிஎஃப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் மெயிலிலேயே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். புதிய இடத்தில் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போதுதான் அதை முதன்முதலாகப் படிக்கிறார்கள். அப்போது தேதியோ பதவியோ தவறாக இருந்தால், திருத்தித் தர வேண்டிய பழைய கம்பெனியில் நமக்காக அவசரப்பட யாரும் இருக்க மாட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் பக்கத்தில் இருப்பவன் என்பதால், அடிக்கடி கண்ணில் படும் சில தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில், ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் ஒன்றல்ல. உங்கள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம், இன்ன தேதி வேலை நேரம் முடிந்ததும் உங்களை விடுவித்துவிட்டோம் என்று சொல்வது ரிலீவிங் லெட்டர். பழைய இடத்தோடு இருந்த கணக்கு முடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது: எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார், என்ன பதவியில் இருந்தார், நடத்தை எப்படி? சில கம்பெனிகள் இரண்டையும் ஒரே தாளில் கொடுத்துவிடும். அது தவறில்லை, இரண்டுக்கும் உரிய விவரங்கள் அதில் இருந்தால் போதும். ஆனால் "உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது" என்று மேலாளர் அனுப்பிய மெயில் இந்த இரண்டில் எதுவும் ஆகாது. அது வந்த பிறகும் உங்கள் கடைசி நாள் மாறலாம், நோட்டீஸ் பாக்கிக்காகப் பணம் பிடிக்கப்படலாம். அந்த மெயிலை வைத்துக்கொண்டு புதிய இடத்தில் சேர அனுமதிப்பது உண்டு. ஆனால் சரிபார்ப்பு முடிய அது போதாது.

கடிதத்தில் வழக்கமாக இருக்க வேண்டியவை இவை: கம்பெனியின் லெட்டர்ஹெட், கடிதத்தின் தேதி, உங்கள் முழுப் பெயர், எம்ப்ளாயி ஐடி, சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், கடைசியாக வகித்த பதவி, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், சரிபார்க்கத் தொடர்புகொள்ள வேண்டிய எச்.ஆர் மெயில் முகவரி. சம்பள விவரம் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பே-ஸ்லிப் இருக்கிறது.

பெயரிலேயே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த அப்பா பெயரே குடும்பப் பெயராக மாறியிருக்கும். கம்பெனியின் பதிவேட்டில் எது இருக்கிறதோ அதுதான் கடிதத்தில் வரும். நோட்டீஸ் பீரியட் ஓடும்போதே, பெயர் எப்படி அச்சாகும் என்று எச்.ஆரிடம் கேட்டு, ஆதாரில் உள்ளபடி மாற்றச் சொல்லிவிடுங்கள்.

அதிகமாகத் தலைவலி கொடுப்பது தேதிதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒருவர் 2025 ஜனவரி 6 அன்று பேப்பர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் 60 நாள். மறுநாளிலிருந்து எண்ணினால் மார்ச் 7, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவரிடம் விடுப்பு மீதம் இருக்கிறது. புதிய கம்பெனி மார்ச் 3 திங்களன்றே வரச் சொல்கிறது. மேலாளரிடம் பேசுகிறார். "பரவாயில்லப்பா, கடைசி வாரத்தை லீவுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், 28ஆம் தேதியே கிளம்பு" என்கிறார் அவர். எல்லாம் வாய்ப்பேச்சு. ரிலீவிங் லெட்டரில் பிப்ரவரி 28 என்று வருகிறது. இவரும் மார்ச் 3 அன்று புதிய இடத்தில் சேர்ந்துவிடுகிறார்.

ஆனால் சம்பளப் பிரிவுக்குப் போன தகவல் வேறு. அவர்கள் கணக்கில் அந்த ஐந்து வேலை நாளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, ஆகவே பணி முடிந்த தேதி மார்ச் 7. பி.எஃப் பதிவிலும் அதையே ஏற்றிவிடுகிறார்கள். இப்போது சரிபார்க்கிறவர் யு.ஏ.என் எண்ணை வைத்துப் பார்க்கும்போது, மார்ச் 3 முதல் 7 வரை இவர் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்ததாகத் தெரிகிறது. கடிதம் ஒன்று சொல்கிறது, பி.எஃப் ஒன்று சொல்கிறது. இரண்டு வேலை பார்த்தாரா, கடிதம் போலியா என்ற சந்தேகம் அங்கேதான் கிளம்புகிறது.

இதில் இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விடுப்பை "அட்ஜஸ்ட்" செய்வதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. விடுப்பு நாட்களைக் கழித்து நோட்டீஸையே சுருக்கினால், பணி பிப்ரவரி 28 அன்றே முடிந்துவிடும். நோட்டீஸை அப்படியே வைத்துக் கடைசி வாரத்துக்கு விடுப்பு கொடுத்தால், ஆபீசுக்குப் போகாவிட்டாலும் மார்ச் 7 வரை அவர் அந்தக் கம்பெனியின் ஊழியர்தான். இரண்டாவது வகையில் மார்ச் 3 அன்று வேறிடத்தில் சேர்வது உண்மையிலேயே தவறு. ஆகவே மேலாளர் சரி என்று சொன்ன அன்றே எச்.ஆருக்கு ஒரு மெயில் போட வேண்டும்: நோட்டீஸ் சுருக்கப்படுகிறதா, என் பணி முடியும் தேதி எது, ரிலீவிங் லெட்டரிலும் பி.எஃபிலும் அதே தேதிதான் வருமா? பதில் வந்ததும் அதைச் சொந்த மெயிலுக்கோ போனுக்கோ ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் மாலையே ஆபீஸ் மெயில் முடங்கிவிடும்.

தேதி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். இ.பி.எஃப்.ஓவின் உறுப்பினர் தளத்தில் View பகுதியில் உள்ள Service History பக்கத்தில், ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரியும். வேலையை விட்டு ஒன்றிரண்டு மாதத்தில் அதைத் திறந்து கடிதத்தோடு ஒப்பிடுங்கள். பாஸ்புக்கில் ஒரே மாதத்துக்கு இரண்டு கம்பெனியின் பங்களிப்பு வந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மாத நடுவில் மாறியவர் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது தேதிகளைத்தான்.

விலகிய தேதி காலியாகவே இருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு Manage பகுதியில் Mark Exit மூலம் நீங்களே பதியலாம். ஆதார் ஓ.டி.பி வேண்டும். கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் உள்ள தேதியைத்தான் கொடுக்க முடியும். இங்கே உத்தேசமாக மாதக் கடைசி நாளைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ள தேதியையே போடுங்கள், ஏனென்றால் பதிந்ததை அங்கேயே அழித்து மாற்ற முடியாது. தவறான தேதி ஏற்கெனவே ஏறியிருந்தால் ஜாயின்ட் டிக்ளரேஷன் வழியாகத் திருத்தம் கேட்க வேண்டும். அது முடியும்வரை, தேதி ஏன் வேறுபடுகிறது என்று பழைய எச்.ஆர் இரண்டு வரி மெயில் கொடுத்தாலே பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது, எந்தக் கம்பெனியின் கடிதம் என்பது. பெரிய நிறுவனத்தின் வளாகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார்கள், ஆனால் சம்பளம் போட்டது இடையில் இருக்கும் கான்ட்ராக்ட் நிறுவனம். ரெஸ்யூமில் பெரிய நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதுவார்கள். கடிதம், பே-ஸ்லிப், பி.எஃப் எல்லாம் இன்னொரு பெயரில் வரும்போது, அனுபவம் உண்மையாக இருந்தும் ஆள் பொய் சொன்னதாகத் தெரிகிறது. ரெஸ்யூமில் சம்பளம் போட்ட நிறுவனத்தை முதலில் எழுதி, அதன் வழியாக இன்ன வாடிக்கையாளரிடம் வேலை பார்த்தேன் என்று சொன்னாலே இந்தச் சிக்கல் வராது. முடிந்தால் வாடிக்கையாளரின் பெயரையும் அனுபவச் சான்றில் குறிப்பிடும்படி கேளுங்கள். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் சிலர் செய்து தருவார்கள்.

பதவியிலும் இதே கதைதான். டீமில் எல்லாரும் "டீம் லீட்" என்று கூப்பிட்டிருக்கலாம். கடிதத்தில் வரப்போவது எச்.ஆர் பதிவில் உள்ள பதவி. கடைசிப் பதவி உயர்வு கடிதமாக வந்து, பதிவேட்டில் ஏறாமல் போயிருந்தால், நோட்டீஸ் காலத்திலேயே அந்தக் கடிதத்தைக் காட்டித் திருத்தி வாங்குவது எளிது.

வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். நம்மூர் அனுபவச் சான்று பெரும்பாலும் நாலு வரிதான். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது போதாது. வகித்த பதவிகள், ஒவ்வொன்றிலும் செய்த முக்கியமான பணிகள், வேலை செய்த தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், கம்பெனியின் தொடர்பு விவரம், மேலாளர் அல்லது எச்.ஆரின் பெயர், பதவி, கையெழுத்து ஆகியவை லெட்டர்ஹெட்டில் வேண்டும். இதை ஐந்து வருடம் கழித்துக் கேட்டால், உங்கள் வேலையைத் தெரிந்த மேலாளரே அங்கே இல்லாமல் போயிருக்கலாம். வேலையை விடும்போதே, செய்த பணிகளை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். கொள்கைப்படி தர மாட்டோம் என்று எச்.ஆர் சொன்னால், மேலாளரிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அதோடு ஆஃபர் லெட்டர், பே-ஸ்லிப் போன்றவற்றையும், கம்பெனி ஏன் தரவில்லை என்ற விளக்கத்தையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் நின்றுவிட்டவர்களுக்கு இரண்டு கடிதமும் கிடைக்காது. கம்பெனி அவர்களை "அப்ஸ்கான்டிங்" என்று பதிந்துவிடும், சரிபார்ப்பவர் கேட்டால் அதையே சொல்லும். ஒன்றிரண்டு மாதம் கழித்தாவது எச்.ஆரைத் தொடர்புகொண்டு, நோட்டீஸ் பாக்கிக்கான தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்க முடியுமா என்று எழுத்தில் கேட்பது நல்லது. சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். கம்பெனியே மூடப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, ஃபார்ம் 16, பி.எஃப் பாஸ்புக் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். இவை வேலை பார்த்ததையும் காலத்தையும் நிரூபிக்கும், முறைப்படி விடுவிக்கப்பட்டதை நிரூபிக்காது.

இந்த இடத்தில்தான் "நாங்க லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம்" என்று சிலர் வருவார்கள். சரிபார்ப்பவர்கள் கடிதத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புவதில்லை. கம்பெனியின் அதிகாரபூர்வ மெயிலுக்குத் தனியாக எழுதுகிறார்கள், பி.எஃப் பதிவோடும் ஒப்பிடுகிறார்கள். போலி என்று தெரிந்தால், சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகுகூட வேலை போகும். கடிதம் இல்லாவிட்டால் அதை ஆஃபரை ஏற்கும் முன்பே புதிய எச்.ஆரிடம் காரணத்தோடு சொல்லி, பதிலாக எந்த ஆவணங்களை ஏற்பார்கள் என்று மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.