காலி பெட்டி எடைய கழிச்சா எது மாறும், எது மாறாது? மீடியன், மோட், ரேஞ்ச்ல எல்லாரும் பண்ற தவறுங்க

எங்க அக்கா வீட்டுக்காரர் இலவம்பாடி பக்கம் முள்ளு கத்திரிக்கா போடுறாரு. 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே கத்திரிக்காதான், எண்ணெ கத்திரிக்கா கொழம்புக்கு அத விட்டா வேற இல்லன்றது எங்க ஊர்க்காரங்க கட்சி. போன வாரம் அங்க போயிருந்தப்ப பறிச்ச காய பிளாஸ்டிக் பெட்டியில ரொப்பி, வேலூர் மார்க்கெட்டுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னா எடை போட்டுக்கினு இருந்தாரு, அக்கா பையன் பக்கத்துல குந்திக்கினு நோட்ல எழுதிக்கினு இருந்தான். ஒம்போது பெட்டி. அவன் எழுதுனது இந்த வரிசையிலதான்:

27, 22, 24, 22, 31, 25, 22, 29, 26

எல்லாம் கிலோ, எல்லாமே பெட்டியோட சேத்து. காலி பெட்டி ஒன்னு 2 கிலோ. பையன் பத்தாவது, ஸ்கூல்ல புள்ளியியல் பாடம் ஓடிக்கினு இருக்கு, அதனால நான் சும்மா இல்லாம "இதுக்கு மீடியன், மோட், ரேஞ்ச் மூனையும் சொல்லுடா, அப்பால பெட்டி எடைய கழிச்சிட்டு திரும்ப மூனையும் சொல்லு"ன்னு கேட்டு வெச்சேன். அவன் பண்ண தப்பெல்லாம் புதுசு இல்ல, நான் ட்யூஷன் எடுத்தப்ப வருஷா வருஷம் பாத்த அதே தப்புங்கதான். ஆனா கத்திரிக்கா பெட்டி கண்ணு முன்னாடி இருந்ததால எது ஏன் தப்புன்னு அவனுக்கு பட்டுன்னு புரிஞ்சுது, அதனாலதான் எழுதுறேன்.

புஸ்தகத்துல மீடியன்னா இடைநிலை அளவு, மோட்னா முகடு, ரேஞ்ச்னா வீச்சுன்னு இருக்கும். எந்தப் பேர சொன்னாலும் ஒன்னுதான், குழப்பிக்க வேணாம்.

மொதல் தப்பு, வரிசைப்படுத்தாமலே நடுவுல விரல வெக்கறது. ஒம்போது நம்பர்ல நடுவுல இருக்கறது அஞ்சாவது, நோட்ல அஞ்சாவதா இருந்தது 31. "மாமா, மீடியன் 31"ன்னான். டேய், இருக்கறதுலயே கனமான பெட்டிடா அது, அதத் தூக்க ரெண்டு ஆள் வேணும், அது எப்பிடி நடுப் பெட்டி ஆவும்? மீடியன்னா அதுக்குக் கீழ எத்தினி பெட்டி இருக்கோ மேலயும் அத்தினி இருக்கணும், 31க்கு மேல ஒன்னுமே இல்லியே. எந்தப் பெட்டிய மொதல்ல தராசுல வெச்சோம்ன்றதுக்கும் மீடியனுக்கும் சம்பந்தமே கெடையாது. சின்னதுல இருந்து பெருசா எழுதுனா:

22, 22, 22, 24, 25, 26, 27, 29, 31

இப்ப அஞ்சாவது 25. கீழ நாலு, மேல நாலு. சரி.

வரிசைப்படுத்தும்போது இன்னொன்னு நடக்கும், 22 மூனு வாட்டி வருதே, ஒரு வாட்டி எழுதுனா போதாதான்னு ரெண்டத்த விட்டுடுவாங்க. அப்ப ஏழு நம்பர்தான் மிஞ்சும், நடுவுல 26 வந்து நிக்கும். அதாவது ரெண்டு பெட்டி கத்திரிக்கா காணாம பூடுச்சு. அதனால எழுதி முடிச்சதும் எண்ணிப் பாருங்க, மொதல்ல ஒம்போது இருந்தா வரிசையிலயும் ஒம்போது இருக்கணும், இந்த ஒரு செக்லயே பாதி தப்பு மாட்டிக்கும்.

அடுத்தது எடத்தையும் எடையையும் கொழப்பிக்கறது. (n+1)/2ன்னு ஃபார்முலா போட்டு, (9+1)/2 = 5ன்னு கண்டுபுடிச்சு, விடை 5ன்னு அடிக்கோடு போட்டுடுவாங்க. 5 கிலோ பெட்டி இங்க எங்க இருக்கு? அந்த 5 வெறும் எடம், அஞ்சாவது எடத்துல இருக்கற 25தான் விடை. இதே கொழப்பம் மோட்லயும் வரும். அதிக வாட்டி வர்ற எடைதான் மோட். 22 மூனு வாட்டி வருது, மோட் எவ்ளோன்னா "3"ன்னு எழுதுவாங்க. 3ன்றது எத்தினி வாட்டி வந்துச்சுன்ற எண்ணிக்கை, மோட் 22 கிலோ.

இந்த ரெண்டு தப்பையும் புடிக்கறதுக்கு பெட்டி எடைய கழிக்கறதே நல்ல வழி. மீடியன் 5னு எழுதுனவன் 2 கழிச்சு 3ன்னு சொல்லுவான், மோட் 3ன்னவன் 1ன்னு சொல்லுவான். பெட்டி எடைய கழிச்சா அஞ்சாவது பெட்டி மூனாவது பெட்டியா ஆயிடுமா? மூனு வாட்டி வந்த எடை ஒரு வாட்டிதான் வருமா? எடமும் எண்ணிக்கையும் அப்பிடியே நிக்கும், எடைதான் கொறையும். கிலோன்னு பக்கத்துல எழுதுற பழக்கம் இருந்தாலே இது மாட்டிக்கும், "3 கிலோ"ன்னு எழுதும்போது கை தானா நிக்கும்.

சரி, இப்ப ஒவ்வொன்னுலயும் 2 கழிச்சு, காய் மட்டும் எவ்ளோன்னு எழுதுவோம்:

20, 20, 20, 22, 23, 24, 25, 27, 29

மீடியன் 25ல இருந்து 23 ஆச்சு. மோட் 22ல இருந்து 20 ஆச்சு. ரெண்டும் சரியா 2 எறங்கிடுச்சு. ஏன்னு பாத்தா, எல்லாத்துலயும் ஒரே அளவு கழிக்கறப்ப எது சின்னது எது பெருசுன்ற வரிசை கலையாது, அதனால மொதல்ல நடுவுல இருந்த அதே பெட்டிதான் இப்பவும் நடுவுல இருக்கு, அதோட எடை மட்டும் 2 கொறஞ்சிருக்கு. மோட்டும் அப்பிடித்தான், ஒரே எடை காட்டுன மூனு பெட்டியும் கழிச்ச அப்பறமும் ஒரே எடைதான் காட்டும். அதனால திரும்ப மொதல்ல இருந்து வரிசை போட்டு நேரத்த வீணாக்க வேணாம், பழைய விடையில 2 கழிச்சா முடிஞ்சுது.

இங்கதான் பெரிய தப்பு வரும். மீடியன்ல 2 கழிச்சோம், மோட்ல 2 கழிச்சோம், கை அதே வேகத்துல ரேஞ்ச்லயும் கழிச்சிடும். மொத ரேஞ்ச் 31 − 22 = 9. "கழிச்ச அப்பறம் 7 மாமா"ன்னான். பையன் மட்டும் இல்ல, தராசுகிட்ட இருந்த அவங்க அப்பாவும் திரும்பி, "ஆமா மச்சான், பெட்டிய கழிச்சா பெருசுக்கும் சின்னதுக்கும் நடுவுல வித்தியாசம் கொறையத்தான செய்யும்?"னாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா லிஸ்ட்ட பாருங்க, 29 − 20 = 9. கொறையவே இல்ல.

அவருக்கு நான் சொன்னது இது. பையனும் அவன் தங்கச்சியும் பக்கத்துல பக்கத்துல ஒரே பெஞ்சு மேல ஏறி நிக்கறாங்க, கீழ நிக்கறத விட ரெண்டு பேரும் ஒசரமாத்தான் தெரிவாங்க, ஆனா இவன் அவள விட எத்தினி இஞ்சு ஒசரம்ன்றது மாறுமா? பெஞ்ச எடுத்தாலும் அதே வித்தியாசம்தான். ரேஞ்ச்ன்றது ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கற தூரம், பெருசுலயும் 2 போவுது சின்னதுலயும் 2 போவுது, அந்த ரெண்டு 2ம் ஒன்ன ஒன்னு அடிச்சுக்கும். கணக்கா எழுதுனா:

(31 − 2) − (22 − 2) = 31 − 22 = 9

சில பேரு பெருசுல மட்டும் கழிச்சிட்டு சின்னத அப்பிடியே வுட்டுடுவாங்க, 29 − 22 = 7. அதுவும் அதே தப்பான 7தான், வந்த வழிதான் வேற. ரேஞ்ச்ல இன்னொரு தப்பும் உண்டு, வரிசைப்படுத்தாத லிஸ்ட்ல கடைசியில இருந்து மொதல கழிக்கறது: 26 − 27 = −1. ரேஞ்ச் மைனஸ்ல வந்தா எங்கியோ ஒதைக்குதுன்னு அர்த்தம், அது எப்பவும் பூஜ்யம் இல்லன்னா அதுக்கு மேலதான்.

பத்தாவதா இன்னொரு பெட்டி வந்து, பெட்டியோட 28 கிலோன்னு வெச்சுக்கோங்க. இப்ப நடுவுல ஒன்னு இல்ல, 25ம் 26ம் ரெண்டு நிக்குது. ரெண்டையும் கூட்டி பாதி, 25.5. "25.5 கிலோல பெட்டியே இல்லியே மாமா"ன்னு கேட்டான், நல்ல கேள்வி. மீடியன் லிஸ்ட்ல இருந்தே ஆவணும்னு கட்டாயம் இல்ல, மோட் மட்டும் கண்டிப்பா இருக்கணும். பெட்டி எடைய கழிச்சா 23.5, அதே 2 கிலோ எறக்கம்.

இதெல்லாம் எதுவரைக்கும் செல்லும்னா, எல்லா பெட்டியிலயும் கழிக்கறது ஒரே அளவா இருக்கற வரைக்கும். நெசத்துல என்னா ஆவும்னா, காய் வாடாம இருக்க ஈர சாக்கு போட்டு மூடுவாங்க. ஒம்போது பெட்டில அந்த 31 கிலோ பெட்டிக்கு மட்டும் ஒரு கிலோ ஈர சாக்கு இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதுல 3 கழிக்கணும், மத்ததுல 2. இப்ப பெருசு 28, ரேஞ்ச் 28 − 20 = 8, மாறிடுச்சு. மீடியன் 23 அசையவே இல்ல. அதே சாக்கு 25 கிலோ பெட்டி மேல இருந்திருந்தா அது 22 ஆயிருக்கும், முன்னாடி இருக்கற 22க்கு சமமா நின்னு மீடியனும் 22 ஆயிருக்கும், ரேஞ்ச் 9லயே நின்னுருக்கும். ஆக எந்தப் பெட்டின்றதப் பொறுத்து கதை மாறும், இங்க குறுக்கு வழி செல்லாது, லிஸ்ட்ட மறுபடியும் எழுதித்தான் ஆவணும்.

இன்னொன்னு, கூட்டறதும் பெருக்கறதும் ஒன்னு இல்ல. ரேஞ்ச் மாறாதுன்னு ஒருவாட்டி மனசுல பதிஞ்சதும் எங்க பாத்தாலும் மாறாதுன்னு அடிச்சு வுடுவாங்க. கிலோ 40 ரூபான்னு வெச்சு (கணக்குக்குத்தான் 40, மார்க்கெட்ல எவ்ளோ போச்சுன்னு என்ன கேக்காதீங்க) அந்த ஒம்போது பெட்டி காய மட்டும் ரூபாயா மாத்துனா மீடியன் 920, மோட் 800, ரேஞ்ச் 9 × 40 = 360. பெருக்குனா ரேஞ்சும் பெருகும். அதுக்கப்பறம் பெட்டிக்கு 10 ரூபா சொமை கூலி கழிச்சா மீடியன் 910, மோட் 790, ரேஞ்ச் அதே 360.

கடைசி வரியில மாத்திரம் பையன் தப்பு பண்ணல. அவங்க அப்பாதான் 350ன்னாரு, அப்பால பெரிய பெட்டிக்கு 1150, சின்னதுக்கு 790ன்னு அவரே தரையில சாக்பீஸ்ல எழுதிப் பாத்துட்டு, "அட, ரெண்டுலயும் கூலி போவுதுல்ல"ன்னு சொல்லிட்டு ஆட்டோல பெட்டிய ஏத்தப் போயிட்டாரு.