தங்கையின் ரெஸ்யூமில் விடுபட்டதைக் கண்டுபிடித்த விதம்

கணக்கு உதவியாளர் வேலைக்கான விளம்பரத்தையும் தன் ரெஸ்யூமையும் சித்தி மகள் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். என்ன குறைகிறது என்று பார்க்கச் சொன்னாள்.

கூகுள் லென்ஸில் இரண்டிலிருந்தும் எழுத்துகளை எடுத்தேன். விளம்பரம் சரியாக வந்தது. ரெஸ்யூம் இரண்டு பத்தியாக இருந்ததால், இடப்பக்கத் திறன்களும் வலப்பக்க அனுபவமும் ஒரே வரியில் கலந்துவிட்டன. ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக வெட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் விளம்பரம் கேட்பவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் ரெஸ்யூமில் தேடினேன். விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்னான `GSTR-1` இல்லை என்று வந்தது. படத்தைப் பார்த்தால் இருக்கிறது; கடைசி 1-ஐ ஆங்கில எல் என்று படித்திருக்கிறது. அதனால் 'இல்லை' என்று வருவதை எல்லாம் படத்தில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

`Bank Reconciliation` நிஜமாகவே இல்லை. ஆனால் 'வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கணக்கோடு சரிபார்த்தல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. வேலை அதேதான், பெயர்தான் வேறு. இதுபோன்றவற்றைத் தேடல் காட்டாது, படித்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த வரியில் விளம்பரத்தின் சொல்லையே போடச் சொன்னேன்.

பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் `TDS` எந்தப் பெயரிலும் இல்லை. கேட்டேன். "பிடித்தத்தை டேலியில் பதிவேன் அண்ணா, ரிட்டர்ன் மட்டும் ஆடிட்டர் ஆபீஸில் போடுவாங்க" என்றாள். பதிவு செய்வதை மட்டும் சேர்த்தோம். ரிட்டர்ன் தாக்கல், கற்க வேண்டியவை பட்டியலுக்குப் போனது.